ரவி நடந்த 47 மீட்டர்

விடைப் பட்டியலில் (இ) என்று போட்டிருக்கிறார்கள். சரியான விடை (அ). எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற என் அண்ணன் மகள் நேற்று ராத்திரி அந்தக் கைடைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். "சித்தப்பா, எனக்கு 13 வருது, புக்குல ரூட் 41னு இருக்கு. சார்கிட்ட கேட்டா, கீயில என்ன இருக்கோ அதைப் படிச்சிட்டுப் போம்மான்றாரு." அந்தச் சார் யாரென்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பேன்.

கணக்கு இதுதான். ரவி தன் வீட்டிலிருந்து வடக்கு நோக்கி 15 மீட்டர் நடக்கிறான். வலப்புறம் திரும்பி 8 மீட்டர் நடக்கிறான். மறுபடியும் வலப்புறம் திரும்பி 20 மீட்டர். பிறகு இடப்புறம் திரும்பி 4 மீட்டர். இப்போது வீட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறான்? (அ) 13 மீ, (ஆ) 17 மீ, (இ) √41 மீ, (ஈ) 47 மீ.

இதை நாம் எப்படிப் போடுவோம் என்று உங்களுக்குத் தெரியும். பேனாவைத் தேடச் சோம்பல்பட்டு, உட்கார்ந்த இடத்திலேயே கையை நீட்டி, இந்தப் பக்கம் வடக்கு, இப்படித் திரும்பினால் கிழக்கு என்று போக்குவரத்துப் போலீஸ்காரர் மாதிரி வீசுவோம். இரண்டாவது திருப்பத்தில் கை முதுகுக்குப் பின்னால் போய்விடும். அப்புறம் நாற்காலியோடு திரும்புவோம். மூன்றாவது திருப்பத்தில் எது வீட்டுக்கு வடக்கு, எது கணக்குக்கு வடக்கு என்பது கலந்துபோய், பூஜை அறையைப் பார்த்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்போம். என் அண்ணன் இப்படித்தான் போட்டார். அவருக்கு வந்த விடை நாலு விடைகளிலும் இல்லை.

நான் கிராஃப் தாளையும் ஸ்கேலையும் எடுத்தேன். 2 மீட்டருக்கு 1 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் கணக்கு ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். தாளின் மேல்பக்கம் ஒரு அம்புக்குறி போட்டு 'வ' என்று எழுதியாயிற்று. புள்ளி வைத்து 'வீடு'. அங்கிருந்து மேலே ஏழரை செ.மீ. வலது பக்கம் 4 செ.மீ. அங்கிருந்து கீழே 10 செ.மீ. இது வீட்டின் மட்டத்தையும் தாண்டி இரண்டரை செ.மீ. கீழே போய் நிற்கும். இதுவரை யாருக்கும் சண்டையில்லை.

கடைசித் திருப்பம்தான் வில்லங்கம். ரவி இப்போது தெற்கே பார்த்து நிற்கிறான். அதாவது தாளில் நம்மைப் பார்த்து வருகிறான். நம்மைப் பார்த்து வருகிறவனுடைய இடது கை நமக்கு வலது பக்கம் இருக்கும். கைடு எழுதியவர் ரவியின் இடது கையைப் பார்க்கவில்லை, தன்னுடைய இடது கையைப் பார்த்திருக்கிறார். ரவியை மேற்கே 4 மீட்டர் ஓட்டிவிட்டார். அதனால் கிழக்கே போன 8 மீட்டரில் 4 கழிந்து 4 ஆகிவிட்டது. தெற்கே 5 மீட்டர். நாலின் வர்க்கம் 16, ஐந்தின் வர்க்கம் 25, கூட்டினால் 41. ரூட் 41 பிறந்த கதை இதுதான்.

இந்தத் தப்பைத் தவிர்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு திருப்பத்துக்கும் தாளைத் திருப்பி, ரவி எப்போதும் நம்மை விட்டு விலகிப் போகிற மாதிரி வைத்துக்கொண்டால் அவன் இடது நம் இடது, அவன் வலது நம் வலது. அம்புக்குறியும் தாளோடு சேர்ந்து திரும்பிவிடுவதால் வடக்கு தொலைந்துபோகாது. தேர்வு அறையில் இப்படித் தாளைச் சுற்றினால் கண்காணிப்பாளர் ஒரு மாதிரிப் பார்ப்பார். பார்க்கட்டும்.

சரியாக, அதாவது வலது பக்கமாக, 2 செ.மீ. கோடு போட்டு, அந்த முனையிலிருந்து 'வீடு' புள்ளிக்கு ஸ்கேலை வைத்தேன். ஆறரை செ.மீ. இரண்டால் பெருக்கினால் 13 மீட்டர். கைடு சொல்கிற ரூட் 41 என்பது சுமார் 6.4 மீட்டர், தாளில் 3.2 செ.மீ. தான் வரவேண்டும். அளந்ததில் பாதிகூட இல்லை. கண்ணாடி போடாமல் பார்த்தாலே தெரிகிற வித்தியாசம்.

இந்த இடத்தில் ரவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. பள்ளிக்கூட நாளிலிருந்தே இவன்மேல் எனக்கு ஒரு கடுப்பு உண்டு. 13 மீட்டர் தூரத்தில் இருக்கிற இடத்துக்கு 47 மீட்டர் நடந்து போகிறவன் எப்பேர்ப்பட்டவன்? அவன் அம்மா வாசலில் நின்று "டேய், சாப்பிட வாடா" என்று சாதாரணக் குரலில் கூப்பிட்டாலே அவனுக்குக் கேட்கும். சரி, உண்மையிலேயே இப்படி நடக்க முடியுமா என்று எங்கள் தெருவில் வைத்துப் பார்த்தேன், மனசுக்குள்தான். எங்கள் கேட்டிலிருந்து வடக்கே 15 மீட்டரில் இஸ்திரி வண்டி நிற்கிறது. அங்கே வலப்புறம் திரும்பினால் காம்பவுண்டுச் சுவர். ரவி கணக்குப் புத்தகத்து ஆள், சுவருக்கெல்லாம் நிற்கமாட்டான். சுவருக்குள் புகுந்து 8 மீட்டர் கிழக்கே போனால் ஓய்வு பெற்ற தாசில்தார் வீட்டு ஹால். சீரியல் ஓடிக்கொண்டிருக்கும். டிவிக்கும் தாசில்தார் சம்சாரத்துக்கும் நடுவில் நின்று வலப்புறம் திரும்புகிறான். இனி தெற்கே 20 மீட்டர். வரிசையாக மூன்று வீட்டு அடுப்படி. முதல் வீட்டில் சாம்பார் தாளிக்கிறார்கள், இரண்டாவது வீட்டில் மாவு அரைக்கிறார்கள், மூன்றாவது வீட்டில் ரவியைத் துடைப்பத்தோடு எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள், ஏனென்றால் அதற்குள் செய்தி பரவிவிட்டது. அப்போதும் அவன் ஓடமாட்டான். இருபதாவது மீட்டரில் நின்று, நிதானமாக இடப்புறம் திரும்பி, இன்னும் 4 மீட்டர் நடந்து, சிமென்ட் பலகை போட்டு மூடிய பழைய கிணற்றின்மேல் ஏறி நின்றுகொண்டு, "நான் இப்போது வீட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறேன்?" என்று கேட்பான். அவனைச் சுற்றி நிற்கிற ஜனங்கள் என்ன பதில் சொல்வார்கள் என்பது நாலு விடைகளில் ஒன்றாக இருக்காது.

மாசி வீதி, சித்திரை வீதி என்று கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக வீதி போட்டு, ஒவ்வொன்றுக்கும் மேல, கீழ, வடக்கு, தெற்கு என்று பெயரும் வைத்திருக்கிற எங்கள் மதுரையில்கூட அவனால் இப்படி நடக்க முடியாது. விளக்குத்தூண் பக்கம் வந்தவன் ஜிகர்தண்டா குடிக்காமல் 4 மீட்டரில் திரும்பினான் என்றால் நான் நம்பமாட்டேன்.

போகட்டும். ஸ்கேல் இல்லாமலே அந்தக் கைடை மடக்க இன்னொரு வழி இருக்கிறது. திருப்பங்களை மட்டும் எண்ணுங்கள். வலது, வலது, இடது. ஒரு வலதும் ஒரு இடதும் அடித்துக்கொண்டு போனால் மிச்சம் ஒரே ஒரு வலது. வடக்கே பார்த்துக் கிளம்பியவன் ஒரு வலது திரும்பினால் கிழக்கே பார்த்து நிற்கவேண்டும். நீங்கள் போட்ட கடைசிக் கோடு கிழக்கே பார்க்கவில்லை என்றால் நடுவில் எங்கோ சறுக்கியிருக்கிறீர்கள். கைடில் அவன் மேற்கே பார்த்து நிற்கிறான். பத்து விநாடி வேலை இது. அச்சுக்கு அனுப்புமுன் யாராவது இதைச் செய்திருக்கலாம்.

தப்பான விடைகளும் சும்மா வரவில்லை. 47 என்பது நடந்த தூரத்தையெல்லாம் அப்படியே கூட்டுகிறவர்களுக்கு. 17 என்பது கிழக்கே 12, தெற்கே 5 என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, கடைசியில் இரண்டையும் கூட்டிவிடுகிறவர்களுக்கு. ரூட் 41 என்பது இடது கை தெரியாதவர்களுக்கு. ஒவ்வொரு தப்புக்கும் ஒரு குழி வெட்டி வைத்தவர் புத்திசாலி. விடைப் பட்டியல் தயாரித்தவர் அந்தக் குழியிலேயே விழுந்துவிட்டார்.

அளக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். கிராஃப் தாள் இல்லாமல் வெள்ளைத் தாளில் கைபோன போக்கில் கோடு போட்டுவிட்டு அளந்தால் பிரயோஜனமில்லை. அந்த 10 செ.மீ. கோடு 5 டிகிரி சாய்ந்தாலே போதும், முனை முக்கால் செ.மீ.க்கு மேல் தள்ளிப்போய், 13 என்பது பதினொன்றரையாகவோ பதினாலரையாகவோ ஆகிவிடும். குறுக்கே போகிற கோட்டில் கட்டத்தை எண்ணுவதும் கூடாது, மூலைக்கு மூலை கட்டம் 1.4 மடங்கு நீளம். ஸ்கேல் இல்லாத இடத்தில் ஒரு காகிதத் துண்டின் ஓரத்தை அந்தக் கோட்டின்மேல் வைத்து இரண்டு முனையையும் குறித்து, அதைத் தாளில் நேராக வைத்து எண்ணிக்கொள்ளலாம். என்ன கவனமாக அளந்தாலும் இந்த அளவில் ஒரு மில்லி மீட்டர் தவறினால் 20 செ.மீ. போயிற்று. விடைகளில் 13ம் ரூட் 170ம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் (ரூட் 170 என்பது 13.04) ஸ்கேல் வாயை மூடிக்கொள்ளும். அங்கே 12ன் வர்க்கம் 144, 5ன் வர்க்கம் 25, மொத்தம் 169 என்று பித்தகோரஸைத்தான் கூப்பிடவேண்டும்.

அடுத்த கேள்வியில், ரவி இப்போது வீட்டுக்கு எந்தத் திசையில் இருக்கிறான் என்றும் கேட்டிருக்கிறார்கள். தென்கிழக்கு என்பது விடை. வரைந்த தாளில் கோணமானியை வைத்துப் பாருங்கள், கிழக்கிலிருந்து 23 டிகிரிகூடத் தெற்கே சரியவில்லை. ஆனால் இந்த உலகத்தில் கிழக்குக்கும் தெற்குக்கும் நடுவில் எங்கே நின்றாலும் தென்கிழக்குதான். அதையே ரவியிடமிருந்து வீடு எந்தத் திசை என்று கேட்டால் வடமேற்கு, எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறான் என்று கேட்டால் கிழக்கு. ஒரே படம், மூன்று விடை. கைடில் மூன்றுக்கும் ஒரே பதில் போட்டிருக்கிறார்கள். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும்.

உண்மையில் நான் சொல்ல வந்தது நிழல் கணக்கு. காலையில் சூரியன் உதித்த சற்று நேரத்தில் ரவி நிற்கிறான், அவன் நிழல் அவனுக்கு வலது பக்கம் விழுகிறது என்று ஆரம்பிக்குமே, அது. அதில்தான் எல்லாரும் கோட்டைவிடுகிறார்கள், அதைப் படம் போட்டுச் சரிபார்க்கிற விதமே வேறு. ஆனால் அதற்குள் அண்ணன் மகள் பக்கத்தைப் புரட்டிவிட்டாள். அடுத்த கணக்கில் ரவி சைக்கிளில் கிளம்பியிருக்கிறான். மேற்கே 6 கிலோ மீட்டராம்.