பதவி விலகலும் ஒரு ஜவுளிக்கடைப் பையும்

எங்கள் கல்லூரித் தமிழ் மன்றத் தலைவர், பாதி ஆண்டிலேயே "சொந்தக் காரணங்களால்" பதவி விலகினார். சொந்தக் காரணம் மூன்று அரியர். ராஜினாமாக் கடிதம் இரண்டு பக்கம், கணக்கு அரைப் பக்கம். மன்றத்தின் மொத்தச் சொத்தும் ஒரு ஜவுளிக்கடைப் பையில் பொறுப்பாசிரியர் மேசைக்கு வந்து சேர்ந்தது.

ஐயா கடிதத்தைப் படிக்கவில்லை. பணத்தை எண்ணினார். 120 பேரிடம் தலா 50 ரூபாய் சந்தா, ஆக 6,000. ரசீதோடு செலவு 3,850. கையில் 2,150 இருக்க வேண்டும். இருந்தது 1,400.

"மீதி 750 எங்கே தம்பி?"

"இதர செலவுங்க ஐயா."

ஆதாரமாக ஒரு துண்டுச் சீட்டு. தேதி இல்லை, கையெழுத்து இல்லை, வடை எண்ணெய் மட்டும் அசல். ஐயா அடுத்து ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளை எண்ணினார். (பேரேடு சொல்லாததை அடிக்கட்டை சொல்லிவிடும்.) 126 இருந்தன. பற்றாக்குறை 1,050 ஆனது.

"கணக்கு சரி" என்று எழுதித் தரும்படி தலைவர் கெஞ்சினார். ஐயா எழுதியது: "பெற்றது 1,400. வரவேண்டியது 1,050." இருவரும் கையெழுத்திட்டார்கள்.

வங்கிக் கணக்கோ கூட்டுக் கையெழுத்தில் இருந்தது. தீர்மான நகலும் புதியவர் கையெழுத்தும் வங்கிக்குப் போய்ச் சேரும்வரை காசோலைக்கு விலகியவர்தான் தலைவர். அவரைக் கேன்டீனில் தேடிப் பிடித்து வாங்கிய முதல் கையெழுத்து, அவருடைய பிரிவுபசார மாலைக்கு.