செல்லுல எருமக்குட்டி

வாடா பேராண்டி, உக்காரு. நேத்து விருந்துல உன் செல்லு இலைக்குப் பக்கத்துல கெடந்து அலறுச்சே, அதுல கொட்டை எழுத்துல 'எருமக்குட்டி'ன்னு வந்துச்சு. உன் மாமியா பாத்த பார்வையில ரசம் இலையைத் தாண்டி வேட்டிக்கு வந்துருச்சு. பெத்தவளுக்குத் தெரியாதா, அந்த எருமை யாருன்னு? வாட்ஸப்பை நீ எத்தனை பூட்டு போட்டுப் பூட்டுனாலும், உன் பொண்டாட்டி கூப்புட்டா பேரு வெளிச்சத்துக்கு வந்துரும்டா.

செல்லப் பேரு வேணாங்கல. பட்டாளத்துல இருந்தவன் பொண்டாட்டிக்குக் கார்டு போட்டா, அதை மூடி வைக்க உறை ஏது? மாமியாக்காரி திண்ணையில உக்காந்து பள்ளிக்கூடத்துப் பயலை விட்டு வாசிக்கச் சொல்லுவா. எழுதுறவனுக்கும் அது தெரியும். அதனால 'வெத்தலப் பொட்டி சௌக்கியமா?'ன்னு ஒரு வரி போடுவான். "பொட்டி பத்திரமா இருக்குன்னு எழுதுடா"ம்பா கெழவி. வெத்தல போட்டுச் செவந்த வாய்க்காரி அடுப்படியில முந்தானையைக் கடிச்சுக்கிட்டுச் சிரிப்பா. ஊரே கேட்டுச்சு, ஒருத்திக்குத்தான் வெளங்குச்சு. பேருன்னா அதுடா!

அந்தப் பேருக்குப் பின்னால ஒரு சங்கதி இருக்கு. அப்பிடி இல்லாம அவ எடை, நிறம், பல்லு இதையெல்லாம் வச்சுப் பேரு வச்சா, ரெண்டு பேருக்குள்ள இருக்கையில கொஞ்சல். நாத்தனா கண்ணுல பட்டுச்சுன்னா அது பட்டப்பேரு. அப்புறம் காதுகுத்துக்குப் போனாலும் 'குண்டு வந்துருச்சா'ன்னுதான் கேப்பாளுக.

கேலி பண்ணியே ஆகணுமா? உன்னையப் பண்ணிக்க. இங்கிலீசுக்காரன் சர்ச்சில், ஒரு நாட்டையே ஆண்ட மனுசன், பொண்டாட்டிக்கு எழுதுன கடுதாசியில பன்னிப் படம் போட்டுக் கையெழுத்து வச்சான். அந்தம்மா பூனைப் படம் போட்டுச்சு. பின்னால அவுக மகளே அந்தக் கடுதாசிகளைப் புத்தகமா 1998-ல போட்டுச்சு. ஒருத்தரும் மொகம் சுளிக்கல. அவரு அந்தம்மாவைப் பன்னின்னு எழுதியிருந்தா மகள் அச்சுக்குக் குடுத்திருக்குமா?

நீ கொறட்டை விடுறது தெருமுனை வரைக்கும் கேக்குது. அவ உன்னைய 'மோட்டாரு'ன்னு போட்டுக்கட்டும். 'மோட்டாரு, வரையில பால் வாங்கிட்டு வா'ன்னு அனுப்பினா, உங்க ஆத்தா படிச்சாலும் அவளுக்கும் சிரிப்புதான் வரும். வேற பேரு தோணுனா, மொதல்ல உன் அப்பத்தா முன்னால சத்தமாச் சொல்லிப் பாரு. நாக்கு தடுக்குனா அது செல்லுக்கு ஆகாது, காதோட நிறுத்திக்க.

ஒண்ணு மறந்துட்டேன். குடும்பக் குரூப்புல தவறிப் போட்டுட்டா, பதறிப்போயி 'Delete for me' அமுக்கிறாத. உன் கண்ணுக்கு மட்டுந்தான் மறையும், உன் சித்தப்பன் சாவகாசமா வாசிப்பான். 'Delete for everyone' அமுக்குனாலும் அழிச்ச தடம் நிக்கும். "என்னத்தடா அழிச்ச?"ன்னு அதுக்கு ஒரு பஞ்சாயத்து. அதனால, அழிக்கத் தேவையில்லாத பேரா இன்னைக்கே ஒண்ணு அவகிட்டக் கேட்டு வாங்கி வையி.