இருபது ரூபாய்க் குற்றவாளி

மாரத்தஹள்ளியில் பிஜி வாடகை கொடுத்து, பைக் கடனும் அடைக்கும் நம்மூர்ப் பையன் ஒருவனை வைத்துக்கொள்வோம். தவணை 6,400 ரூபாய். செயலியில் ஆட்டோபே என்று இருக்குமிடத்தில் தொகை, தேதி, எந்த மாதம்வரை என்பதைச் சரிபார்த்து, ஒரே ஒருமுறை யுபிஐ பின் எண்ணைத் தட்டினான். தவணை 15,000 ரூபாய்க்குள் இருப்பதால் இனி யாரும் அவனைக் கேட்கப்போவதில்லை. எந்த வங்கியும் அந்தப் பணத்தை அன்றே ஒதுக்கி வைப்பதும் இல்லை. கணக்கில் இருப்பு இருக்கிறதா என்று பார்ப்பது தவணை நாளன்றுதான்.

முதல் நாளே குறுஞ்செய்தி வந்துவிடும்; 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லியாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. "நாளை 6,400 ரூபாய் எடுக்கப்படும்." கணக்கில் கிடப்பதோ 6,380. நாளை எவ்வளவு எடுக்க வேண்டும் என்பது வங்கிக்குத் தெரியும், இன்று எவ்வளவு இருக்கிறது என்பதும் தெரியும். இரண்டையும் கழித்துப் பார்த்து "தம்பி, இருபது ரூபாய் துண்டு விழுகிறது" என்று ஒரு வரி சேர்த்தால் என்ன, குடிமுழுகியா போய்விடும்? கடன் அட்டை வாங்கிக்கொள் என்று வேளாவேளைக்குச் செய்தி அனுப்பத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கழித்தல் மட்டும் வராது!

2025 ஆகஸ்ட் முதல் இந்த வசூலெல்லாம் நெரிசல் இல்லாத நேரத்தில்தான்: காலை 10 மணிக்கு முன், பகல் 1 முதல் 5 வரை, இரவு 9.30-க்குப் பிறகு. பையனுக்குச் சம்பளம் ஏறுவது சாயங்காலம். கடன்காரர் தட்டுவது விடியற்காலை. 6,380-ஐ எடுத்துக்கொண்டு பாக்கியை மாலையில் வாங்கலாமே என்றால், அந்தப் பேச்சுக்கே இடமில்லை. முழுத்தொகை இல்லாவிட்டால் தவணை தோல்வி. இன்னும் மூன்று முறைவரை தட்டிப் பார்க்கலாம். ஆனால் எப்போது தட்டுவது, தட்டுவதா வேண்டாமா என்பதெல்லாம் கடன் கொடுத்தவர் இஷ்டம். ஒப்பந்தத்தில் பவுன்ஸ் கட்டணம் 500 என்று இருந்தால், இருபது ரூபாய்க்கு ஐந்நூறு. கந்துவட்டிக்காரன்கூட இந்தக் கணக்கைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வான்.

அதே தவணையை நாச் வழியாகக் கட்டினால் இன்னும் விசேஷம். திருப்பி அனுப்பியதற்கு அவனுடைய வங்கியே தனியாக ஓர் அபராதம் போடும், மேலே 18 சதவீத ஜிஎஸ்டி. கையில் காசு போதவில்லை என்பதுதானே குற்றம்? அதற்குத் தண்டனை, இருக்கிற காசிலும் பிடுங்குவது. அடுத்த முயற்சியில் துண்டு இன்னும் பெரிதாக விழும். தவணைக்குப் பாதிப்பணம் ஆகாது என்றவர்கள், அபராதம் பாக்கி என்றால் சம்பளம் ஏறும்வரை காத்திருந்து பிடித்துக்கொள்வார்கள்.

2007-ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடா அமைப்புகள் சட்டம், 25-ஆம் பிரிவு: இருப்பின்றி மின்னணுப் பரிமாற்றம் திரும்பி, நோட்டீஸ் கிடைத்து 15 நாளுக்குள் கட்டாவிட்டால், இரண்டாண்டுவரை சிறை. இதே யுபிஐயில் பையன் ஊருக்கு அனுப்பும் பணம் கணக்கிலிருந்து கழிந்தும் அம்மாவுக்குப் போய்ச் சேரவில்லை என்று வையுங்கள். அதைத் திருப்பித்தர வங்கிக்கு மறுநாள்வரை அவகாசம். அதற்கும் மேல் இழுத்தடித்தால் நாளொன்றுக்கு நூறு ரூபாய் நஷ்டஈடு. சிறை கிடையாது.