சேதாரம் போக மிச்சம்

வாங்கு மாப்ளே, தாராளமா வாங்கு. அஞ்சு பவுன்ல ஆரம், அதுக்கு "முதலீடு"ன்னு ஒரு பேரு. கடைக்குள்ள போனா குளுகுளுன்னு இருக்கும், ரோஸ்மில்க் குடுப்பாங்க, பாப்பா கையில பலூன் குடுப்பாங்க. இதுக்கெல்லாம் யாரு காசு குடுக்கிறான்னு மட்டும் கேட்டுறாதே. கேட்டா ரோஸ்மில்க் கசந்துரும்.

மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து லட்சத்துல சம்பளம் வாங்குற புள்ளைக்கு நான் என்ன சொல்லிறப் போறேன்! ஆனா கூட்டுறவு வங்கி நகைக்கடன் கவுண்டர்ல உரைகல்லும் தராசுமா உக்காந்தே தலை நரைச்சவன் உன் மாமன். ஆசையா வாங்குன ஆரமெல்லாம் அவசரத்துக்கு என்கிட்டதான் வரும். தராசுல வைப்பேன். கல்லுக்குக் கழிப்பேன், அரக்குக்குக் கழிப்பேன், மிச்சத்தைச் சொல்வேன். "வாங்கையில கல்லுக்கும் சேத்துல்ல தங்க விலை குடுத்தேன்"னு எதிர்ல நிக்கிறவக முகம் போற போக்கு இருக்கே! அதனால ஒரு கணக்கு போடுவோம், வா. ஃபோனைக் கீழ வையி, இது விரல்லயே போடுற கணக்குதான்.

இன்னிக்கு ரேட்டு நாளைக்கு இருக்காது. அதனால 22 காரட் கிராம் 10,000 ரூபாய்ன்னு கணக்குக்கு வச்சுக்குவோம். அஞ்சு பவுன்னா 40 கிராம், தங்கம் 4 லட்சம். ஆரத்துக்கு 12 சதவீதம் சேதாரம்னு சொல்வாங்க. கெஞ்சிக் கூத்தாடி 11 ஆக்கிட்டு வெற்றி வாகை சூடி வருவே. இப்போதைக்கு 12ன்னே வையி. 48,000 ஆச்சு. சேதாரம்னா என்னமோ ஆசாரி ராவுறப்போ 4.8 கிராம் தங்கம் காத்துல பறந்து போச்சுன்னு நெனைச்சுக்காதே. மெஷின்ல அடிக்கிற நகைக்கு அம்புட்டுப் பொடி எங்கே பறக்குது? கூலி, கடை வாடகை, விளம்பரத்துல ஆடுற நடிகை சம்பளம் எல்லாம் அந்த ஒரு பேருக்குள்ளதான் இருக்கு. செய்கூலி இல்லைன்னு எழுதிப் போடுற கடையில சேதாரத்தைப் பாரு. சேதாரம் கம்மின்னு சொல்ற கடையில கல் விலையைப் பாரு.

இந்த 4,48,000க்கு மேல ஜிஎஸ்டி 3 சதவீதம், 13,440. சேதாரத்துக்கும் சேத்துத்தான் வரி, பறந்து போன பொடிக்கும் நீ வரி கட்டுறே. ஹால்மார்க் கட்டணம் ஒரு உருப்படிக்கு 45 ரூபாயும் அதுக்கு வரியும். மொத்தம் 4,61,500க்கு நாலு காசு கம்மி. வீட்டுக்கு வந்து பொஞ்சாதி கழுத்துல போட்டு அழகு பாத்துட்டு, அன்னிக்குச் சாயங்காலமே மனசு மாறி விக்கப் போனேன்னு வையி. கடைக்காரன் ரெண்டு சதவீதம் கழிச்சா 3,92,000 கைக்கு வரும். ஒரே பகல்ல 69,000 போச்சு. மறுபடி உன் முதலைப் பாக்கணும்னா தங்கம் கிட்டத்தட்ட 18 சதவீதம் ஏறணும். அதுக்கப்புறம்தான் லாபம்ங்கிற பேச்சே.

சுத்தம்னு கேட்டா, முன்னைக்கு இப்போ எம்புட்டோ தேவலை. 2023 ஏப்ரல் 1ல இருந்து ஆறு எழுத்து எண் கலந்த எச்யூஐடி இல்லாம கடையில நகை விக்கக் கூடாது. முக்கோணத்துல பிஐஎஸ் முத்திரை, 22K916ன்னு ஒரு எழுத்து, பக்கத்துல அந்த ஆறு. பூதக்கண்ணாடி கேட்டு வாங்கிப் பாரு, வெக்கப்படாதே. அந்த ஆறையும் ஃபோன்ல BIS Care ஆப்புல அடிச்சா எந்தக் கடை, எந்த மையத்துல சோதிச்சாங்க, என்ன மாத்துன்னு வரும். ஆரத்தைக் கையில வச்சிருக்கே, ஆப்புல மோதிரம்னு வந்தா எந்திரிச்சு வந்துரு. ஆனா ஒண்ணு, முத்திரை உலோகத்தோட மாத்தைத்தான் சொல்லும், கல்லு எம்புட்டுன்னு சொல்லாது. பில்லுல மொத்த எடை தனியா, நிகர எடை தனியா எழுதச் சொல்லி நிகர எடைக்கு மட்டும் காசு குடு. இதைக் கேட்டதும் கடைப் பையனோட சிரிப்பு கொஞ்சம் சுருங்கும். அதுவும் ஒரு காட்சிதான்.

அடுத்தது உன் ஃபோனுக்குள்ள இருக்கிற இடிஎஃப். 2007ல முதல் தடவையா நம்ம ஊருச் சந்தைக்கு வந்தது. ஃபண்டுக்காரன் 99.5க்குக் குறையாத கட்டித் தங்கம் வாங்கிப் பெட்டகத்துல வைப்பான், அதைத் துண்டு துண்டா யூனிட்டாக்கி உனக்கு விப்பான். கூலி இல்லை, கல்லு இல்லை, அரக்கு இல்லை. அதே 4,61,500ஐ இதுல போட்டா, ஏறத்தாழ 42 கிராம் சுத்தத் தங்கம் உன் பேர்ல நிக்கும். உன் ஆரத்துல எம்புட்டுச் சுத்தத் தங்கம் தெரியுமா? 40ஐ 0.916ஆல பெருக்கு, 36.6 கிராம். வாசல்லயே அஞ்சரைக் கிராமை விட்டுட்டு வந்திருக்கே.

ஒடனே துள்ளாதே. இங்கேயும் சேதாரம் உண்டு, சத்தம் போடாத சேதாரம். ஃபண்டுக்காரன் செலவுக்குன்னு வருசத்துக்கு அரை சதவீதம் முக்கால் சதவீதம் எடுத்துக்குவான். உன்கிட்ட வந்து கேக்க மாட்டான். பெட்டகத்துல இருக்கிற தங்கத்துல இருந்தே எடுப்பான். யூனிட் எண்ணிக்கை அப்படியே இருக்கும், ஒவ்வொரு யூனிட்டுக்குள்ள இருக்கிற தங்கம் மட்டும் கற்பூரம் மாதிரி கரையும். வருசம் 0.6 சதவீதம்னு வையி, 15 வருசத்துல 42 கிராம் 38½ ஆயிரும். அப்பவும் ஆரத்தை விட ரெண்டு கிராம் கூடத்தான். கடைக்காரன் ஒரு பகல்ல எடுத்ததை எடுக்க ஃபண்டுக்காரனுக்கு 23, 24 வருசம் ஆகும். பொறுமைசாலி! ஆனா எல்லா ஃபண்டும் ஒரே கணக்குல கரையாது. செலவு விகிதம் கம்மியா இருக்கிறதாப் பாத்து எடு. தீபாவளி, அட்சய திருதியைன்னு ஊரே பாயிற அன்னிக்கு யூனிட் விலை உள்ளே இருக்கிற தங்கத்தோட மதிப்பை விட மேல ஏறி நிக்கும். iNAVன்னு போட்டிருக்கும் பாரு, அந்த எண்ணை ஒட்டி விலையை நீயே குறிச்சு வாங்கு. கேட்ட விலைக்கு வாங்கினா அதுவும் ஒரு சேதாரம்தான்.

இன்னொண்ணு. ராத்திரி ஆஸ்பத்திரிச் செலவு வந்தா, விடிஞ்சதும் என் கவுண்டர்ல ஆரத்தை வச்சு மத்தியானத்துக்குள்ள பணத்தோட போகலாம். இடிஎஃப்பைக் கொண்டாந்து நகைக்கடன் கேட்டா நடக்காது, விக்கத்தான் வேணும். சந்தை தொறக்கணும், பணம் கணக்குக்கு வரணும். ஆரத்துக்கு நீ குடுத்த 69,000ல இந்த வசதிக்கும் ஒரு பங்கு இருக்குன்னு வச்சுக்கோ. உன் பொஞ்சாதி கல்யாண வீட்டுல நாலு பேருக்கு முன்னாடி போட்டுட்டு நிக்கிறதுக்கு ஒரு பங்கு. அதைத் தப்புன்னு சொல்ல நான் யாரு? செலவுன்னு சொல்லிட்டுச் செய்யி, அம்புட்டுத்தான். முதலீடுன்னு சொல்லி என்னையும் ஏமாத்தாதே.

மூணாவது, அரசாங்கத் தங்கப் பத்திரம். அதுல மாத்துக் குறையவே குறையாது மாப்ளே, ஏன்னா தங்கமே கிடையாது! "அன்னிக்கு என்ன விலையோ அதைத் தர்றேன், நடுவுல வட்டியும் தர்றேன்"னு சர்க்கார் எழுதிக் குடுத்த சீட்டு. முதல் வெளியீடு 2015 நவம்பர்ல வந்தப்போ கிராம் 2,684 ரூபாய். 2023 நவம்பர்ல முதிர்ந்தப்போ குடுத்தது 6,132. நடுவுல வருசம் 2.75 சதவீதம் வட்டி, எட்டு வருசத்துக்குக் கிராமுக்கு 590 ரூபாய். கூலியும் இல்லை, கரையுறதும் இல்லை. கடைசி வரைக்கும் வச்சிருந்தவனுக்கு விலை ஏத்தத்துக்கு வரியும் இல்லை. வட்டிக்கு மட்டும் வருமான வரி. ஆரமும் இடிஎஃப்பும் பக்கத்துல வர முடியுமா? நாம அப்போ "தங்கத்தைத் தொட்டுப் பாக்காம யாருடா காசு குடுப்பான்"னு டீக்கடையில பேசிக்கிட்டிருந்தோம்.

சிரிக்காதே, இப்போ நீயும் வாங்க முடியாது. 2024 பிப்ரவரியில கிராம் 6,263க்கு வந்ததுதான் கடைசி. தங்கம் ஏற ஏறச் சர்க்காருக்குக் கடன் சுமை ஏறுச்சு, கடையைச் சாத்திட்டாங்க. பழைய பத்திரங்கள் பங்குச் சந்தையில கை மாறிக்கிட்டிருக்கு. அதை "ரெண்டரை சதவீத வட்டியோட தங்கம்"னு எவனாவது உனக்கு விக்க வந்தா, இந்தக் கணக்கைக் கேளு. வட்டி வெளியீட்டு விலைக்குத்தான், நீ குடுக்கிற விலைக்கு இல்லை. 6,263க்கு ரெண்டரை சதவீதம் வருசத்துக்கு 157 ரூபாய். நீ அதையே 12,000 குடுத்து வாங்கினா உனக்கு விழுற வட்டி 1.3 சதவீதம். அதுக்கும் மேல, வாங்க ஆள் இருப்பான், விக்க ஆள் இருக்க மாட்டான். நாள் பூரா நாலஞ்சு பத்திரம்தான் கை மாறும் சில வெளியீட்டுல. அன்னிக்கு 999 தங்க விலைக்குக் கீழ கிடைச்சா யோசி, மேல சொன்னா கும்பிடு போட்டுட்டு வா. அந்த வரிச் சலுகை வெளியீட்டுலயே வாங்கினவனுக்கா, சந்தையில வாங்கினவனுக்கும் உண்டான்னு ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கையை வையி.

ஆரமா இருந்தா ரெண்டு வருசம் கழிச்சு, இடிஎஃப்பா இருந்தா ஒரு வருசம் கழிச்சு வித்தா லாபத்துல 12.5 சதவீதம் வரி. அதுக்கு முன்னாடி வித்தா உன் சம்பளத்தோட சேத்து வரி. பில்லைத் தொலைச்சுட்டு அப்புறம் என்னைத் தேடாதே.

இன்னொரு கசப்பும் குடிச்சுக்கோ. மூணும் ஏறுறதும் இறங்குறதும் ஒரே தங்கத்தோடதான். 2012ல இருந்து 2018 வரைக்கும் நம்ம ரூபாயில தங்கம் இருந்த இடத்தை விட்டுப் பெரிசா நகரலை. அப்போ ஆரம் வாங்கினவனுக்குச் சேதாரம் திரும்பவே ஆறேழு வருசம் பத்தலை. இப்போ ஏறுறதைப் பாத்துட்டு எப்பவும் ஏறும்னு நெனைக்கிறவங்கதான் என் கவுண்டருக்கு நல்ல வாடிக்கை.

பாப்பா கல்யாணத்துக்குன்னு சேக்கிறதா இருந்தா, அதுக்கு இன்னும் இருபது வருசம் கிடக்கு. இப்போ ஆரம் வாங்கினா, அன்னிக்கு அவ "இது என்ன பாட்டி காலத்து டிசைன்"னு மூக்கைச் சுளிப்பா. உருக்கிப் புதுசு பண்ணுவே, மறுபடி ஒரு சேதாரம். மாசாமாசம் இடிஎஃப்ல போட்டு வையி, கல்யாணத்தப்போ வித்து அவளுக்குப் புடிச்சதை ஒரே தடவையில வாங்கு. கூலி ஒரு தடவையோட போகும். உன் பொஞ்சாதிக்கு இப்போ ஆரம் வேணும்னா ரெண்டு பவுன்ல கல்லு இல்லாததா, எல்லா நாளும் போடுற மாதிரி எடு. மிச்ச மூணு பவுன் காசை யூனிட்டாக்கு. அவகிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு என்கிட்ட கேக்காதே, அதுல எனக்கு அனுபவம் இருந்தாலும் தைரியம் இல்லை.

பாப்பா காதுகுத்துக்கு உன் மச்சினன் தாய்மாமன் சீரா ஒரு தோடு கொண்டாருவான். ரெண்டு கிராமுக்குக் கீழ இருந்தா ஹால்மார்க் கட்டாயம் இல்லை, அதனால முத்திரை இல்லாமலும் இருக்கலாம். சபையில வச்சு ஆப்பைத் தொறந்து ஆறு எழுத்தைத் தேடிக்கிட்டு நிக்காதே, பந்தியில உனக்கு மட்டும் பாயசம் வராது.