லாரிக்காரருக்குப் பாதை இல்லை

ஆர்டர் வந்ததிலிருந்து பணம் வரும்வரை என்ன நடக்கிறது என்று கோவைப் பம்ப் கம்பெனி ஒன்றில் ஆலோசகரை வைத்துப் படம் வரைந்தார்கள். விற்பனை, கடன் அனுமதி, கிடங்கு, கணக்கு என்று துறைக்கொரு பாதை. ‘இன்றைய நிலை’ படத்தில் பெட்டிகள் ஒழுங்காக நின்றன. சொன்னவர்கள் அந்தந்தத் துறை மேலாளர்கள் ஆயிற்றே. கடன் வரம்பைத் தாண்டிய டீலருக்கும் ஒரு போனில் சரக்கு கிளம்பிவிடும் என்பதற்குப் பெட்டி கிடையாது.

பணம் தேங்குவது வேறு இடத்தில். சரக்கு வந்துசேர்ந்ததற்குக் கையெழுத்திட்ட ரசீது இல்லாமல் டீலர் பில்லைத் தொடமாட்டார். அந்த ரசீதோ ஒன்பது நாள் லாரியின் டேஷ்போர்டில் வெயில் காய்கிறது. படத்தில் அது இரண்டு பெட்டிகளுக்கு நடுவே அரை அங்குல அம்பு. பெட்டிக்குள் நடக்கும் வேலை சில மணி நேரம்தான். மிச்ச நாளெல்லாம் அம்புகளில் போகிறது. அம்பின் மேல் நாள்கணக்கை எழுதலாமே என்றால், படம் அசிங்கமாகிவிடும் என்றார் ஆலோசகர்.

‘நாளைய நிலை’ படம் அழகோ அழகு. ‘சிஸ்டம்’ என்று புதுப் பாதை. சங்கடமான பெட்டிகளெல்லாம் அங்கே குடியேறிவிட்டன. ‘ரசீது தானாகப் பதிவேறும்’ என்கிறது ஒன்று. டிரைவருக்கு மட்டும் இன்னும் பாதை இல்லை. அவர் கம்பெனி ஆள் இல்லையாம்.