வினைமுற்றின் விபரீதம்

இராஜபாளையத்து நூற்பாலை ஒன்றின் கதையை நானூறு பக்கங்களில் எழுதி முடித்த நண்பர் ஒருவர், தமது முதல் நாவலுக்குச் ‘சங்கு ஓய்ந்தது’ என்று நாமகரணம் செய்துகொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டுத் திண்ணைக்கு எழுந்தருளி, ஆலை மூடப்படும் கடைசி அத்தியாயத்தை யாரிடமும் சொல்லலாகாது என்று சத்தியம் வாங்கினார். அட்டையிலேயே அவர் தண்டோரா போட்டுவிட்டதைச் சொல்ல வந்த வாயை அவர் தந்த பால்கோவா அடைத்துவிட்டது.

தலைப்பில் வினைமுற்று நுழைந்தால் கதையும் அங்கேயே முற்றுப்பெற்றுவிடுகிறது. பெயர்ச்சொல்லோ அவ்வளவு லேசில் வாய் திறப்பதில்லை. 1966இல் வெளிவந்த சுந்தர ராமசாமியின் முதல் நாவலான ‘ஒரு புளியமரத்தின் கதை’, மரம் ஒன்று உண்டு, அதற்கொரு சரித்திரமும் உண்டு என்ற அளவில் நின்று, அம்மரத்தின் கதியைப் பற்றி மூச்சு விடுவதில்லை. இமையம் 1994இல் தம் முதல் நாவலுக்குச் சூட்டிய ‘கோவேறு கழுதைகள்’ இன்னும் சூட்சுமமானது: ஊராரின் அழுக்கு மூட்டையைச் சுமக்கும் ஆரோக்கியம் என்ற பெண்ணோடு வாழ்ந்து முடித்த வாசகனுக்கே, பொதி சுமப்பதற்கென்றே பிறந்து சந்ததியின்றிப் போகும் அப்பிராணியின் பெயர் அட்டையில் ஏன் நின்றது என்பது புலப்படும்.

இத்தனையும் சொல்லி, ‘இரவு ஷிப்டு’ என்று மாற்றிக் கொடுத்தேன். நண்பர் மிகவும் சந்தோஷப்பட்டு, அதன் கீழே ‘ஓர் ஆலை மூடப்பட்ட சோக வரலாறு’ என்று சிறிய எழுத்தில் சேர்த்துக்கொண்டு, இராஜபாளையம் பஸ் ஏறினார்.