ஒற்றுக்கு ஓர் ஒழுங்கு நடவடிக்கை

எங்கள் ஊர்த் தனியார் பள்ளி ஒன்று பெற்றோருக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அதன் முதல் வரி: "தமிழ் கட்டுரைகளுக்கு கணினி கருவிகளை பயன்படுத்த கூடாது." ஆறு சொல், நடுவில் ஐந்து இடைவெளி. ஐந்திலும் வல்லினம் மிக வேண்டும், ஐந்திலும் மிகவில்லை. தப்பித்தவறி ஓர் இடத்திலாவது சரியாக விழுந்திருக்கலாம். அவ்வளவு கவனமாகத் தவிர்த்திருக்கிறார்கள்.

தடைப்பட்டியலில் முதலில் நிற்பது கட்டுரை முழுவதையும் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு. அதன் தோளோடு தோள் நிற்பவை நீச்சல்காரன் உருவாக்கிய நாவியும் வாணியும். வீட்டைக் கொள்ளையடித்தவனையும், "அண்ணே, கதவு திறந்து கிடக்கு" என்று சொல்லிவிட்டுப் போனவனையும் ஒரே லாக்கப்பில் போட்டிருக்கிறார்கள்.

வாணி எழுத்துப்பிழை திருத்தி, நாவி சந்திப்பிழை திருத்தி. பள்ளியின் அந்த வரியையே இப்படி விதிவழி இயங்கும் ஒரு கருவி எப்படிப் பார்க்கும்? "கட்டுரைகளுக்கு" நான்காம் வேற்றுமை, "கருவிகளை" இரண்டாம் வேற்றுமை, "பயன்படுத்த" அகர ஈற்று வினையெச்சம். சொல்லின் வாலைப் பார்த்தே ஒற்று கேட்டுவிடலாம். "தமிழ்", "கணினி" இரண்டும் வெறும் பெயர்கள். அடுத்த சொல்லோடு அவற்றுக்கு என்ன உறவு என்று தெரிந்தால்தான் தீர்ப்புச் சொல்ல முடியும். அங்கேதான் கருவி திணறும்.

"கீரை கடை" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்று இல்லையென்றால் மத்தை எடுக்கச் சொல்கிறோம். "கீரைக் கடை" என்றால் பையை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போக வேண்டும். எழுதிய பிள்ளையின் மனதில் இருந்தது சட்டியா, கடையா என்று எந்தத் திருத்திக்கும் தெரியாது. இந்த இடத்தைப் பார் என்று காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. முடிவெடுக்க வேண்டியவள் பிள்ளை. வல்லினம் மிகும் இடங்கள், மிகா இடங்கள் என்று தேர்வுக்காக உருப்போட்ட விதி, தன் சொந்த வாக்கியத்தில் உயிரோடு நடமாடுவதை அவள் பார்ப்பது அப்போதுதான். அதற்குத்தான் இந்தப் பள்ளியில் பூஜ்யம்.

பூஜ்யம் வாங்கியது எனக்குத் தெரிந்த பெண். பாட்டி வீட்டுக் கிணற்றைப் பற்றி எழுதினாள். அடியில், "நாவியில் சரிபார்த்தேன், நான்கு இடத்தில் ஒற்று சேர்த்தேன்" என்று நேர்மையாகக் குறித்தும் வைத்தாள். சிவப்பு மையில் ஒரு வட்டம். பக்கத்து பெஞ்சுப் பையன் மழைநீர் சேகரிப்பு முழுவதையும் ஏஐயிடம் வாங்கி, சந்தேகம் வராமலிருக்க அங்கங்கே ஒற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கொடுத்தான். பத்துக்கு ஒன்பது, ஓரத்தில் "நல்ல சொந்த நடை" என்ற பாராட்டும் உண்டு. பிழை இருந்தால் சொந்தம், இல்லாவிட்டால் திருட்டு! தமிழைப் பற்றி அந்தப் பள்ளி வைத்திருக்கும் மதிப்பீடு இவ்வளவுதான்.

அதே பள்ளியின் கணினி அறையில் ஆங்கிலக் கட்டுரையைத் தட்டும்போது தப்பான சொல்லுக்கு அடியில் சிவப்புக் கோடு நெளிகிறது. அதை யாரும் கருவி என்றே நினைப்பதில்லை. ஆங்கிலத்துக்கு அது வசதி, தமிழுக்கு மட்டும் ஒழுங்கீனம்.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. பன்னாட்டுப் பள்ளிகளின் ஐபி அமைப்பு 2023இல் ஏஐயைத் தடை செய்ய மறுத்தது. கருவி எழுதிய பகுதி மாணவருடையது ஆகாது, பயன்படுத்தினால் மூலத்தைக் காட்டு என்றது. பிழைதிருத்தியைத் தனியாகப் பிரித்தது. மொழியையே கற்பித்துச் சோதிக்கும் பாடத்தில் மட்டும் அதற்கு இடமில்லை என்றது. எதற்கு மதிப்பெண் போடுகிறோம் என்று முதலில் கேட்டுக்கொண்டவர்கள் போட்ட விதி அது. சந்தித் தேர்வில் நாவியைப் பூட்டி வையுங்கள், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். தமிழில் எழுதும் வரலாற்று ஒப்படைப்பில் ஏன் பூட்டுகிறீர்கள்?

இப்போது தாளாளர் ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் வாங்கப் போகிறாராம். ஓப்பன்ஏஐ நிறுவனமே அப்படி ஒன்றை 2023 ஜனவரியில் வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் விலக்கிக்கொண்டது. ஆங்கிலம் தவிர மற்ற மொழிகளில் அதை நம்ப வேண்டாம் என்று முதலிலேயே சொல்லியும் இருந்தது. சாட்ஜிபிடியைச் செய்தவர்களுக்கே கைகூடாததை இவர் தமிழுக்கு வாங்கி வருவார், செலவு அடுத்த பருவக் கட்டணத்தில் ஏறும். பிள்ளையைக் கூப்பிட்டு, "இந்த இடத்தில் ஏன் ஒற்று போட்டாய்?" என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும், காசும் மிச்சம். ஆனால் கேட்கிறவருக்கு விடை தெரிந்திருக்க வேண்டுமே.